‘போன் பண்ணுங்க’ என்று பதில் வந்தால்

புதிய வாடிக்கையாளரைத் தேடி மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ அனுப்புகிற சிறு தொழில் நிறுவனங்களுக்குப் பெரும்பாலும் பதிலே வராது. வருகிற சில பதில்களிலும் கேட்ட கேள்விக்கு விடை இருக்காது. ‘கால் மீ’, ‘போன் பண்ணுங்க’ என்று இரண்டே சொல்தான் இருக்கும். சில நேரம் கீழே ஒரு எண்ணும் இருக்கும். இந்தப் பதிலைப் பார்த்து ஆர்டரே கிடைத்துவிட்டதாக நினைத்து உடனே அழைப்பவர்களும் உண்டு. எழுத ஆள் கிடைக்காமல் தட்டிக் கழிக்கிறார் என்று விட்டுவிடுபவர்களும் உண்டு. இரண்டு முடிவுமே அவசரம்தான்.

திருப்பூரை எடுத்துக்கொள்ளலாம். அங்கே பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் அட்டைப்பெட்டி தேவை. சட்டைகளை மடித்து, பாலி பையில் போட்டு, பெட்டியில் அடுக்கி, கன்டெய்னரில் ஏற்றி அனுப்புகிறார்கள். புதிதாகத் தொடங்கிய ஒரு பெட்டித் தொழிற்சாலை, ஏற்றுமதி நிறுவனத்தின் பர்ச்சேஸ் மேலாளருக்கு இப்படி எழுதுகிறது: ‘ஐந்து ப்ளை பெட்டி செய்கிறோம். இப்போது என்ன அளவு வாங்குகிறீர்கள், மாதம் எத்தனை?’ மறுநாள் காலை பதில் வருகிறது: ‘கால் மீ.’ அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதுதான் கேள்வி.

அந்த மேலாளர் ஏன் எழுதாமல் அழைக்கச் சொல்கிறார் என்பதை முதலில் யோசிக்க வேண்டும். மிகச் சாதாரணமான காரணம், அவருக்குத் தட்டச்சு செய்ய நேரமில்லை. பேக்கிங் பிரிவில் நின்றபடியே ஒரு கையால் போனைப் பார்ப்பவருக்கு நான்கு அளவுகளையும் எண்ணிக்கையையும் எழுதுவதைவிடப் பேசுவது எளிது. இரண்டாவது காரணம் விற்பவருக்குச் சாதகமானது: இப்போதைய பெட்டிக்காரர் ஏமாற்றியிருக்கலாம், தாமதம் செய்திருக்கலாம், அதை எழுத்தில் வைக்க மேலாளர் விரும்பமாட்டார். மூன்றாவது, விலை மட்டும் தெரிந்தால் போதும் என்பது. பழைய பெட்டிக்காரரிடம் ‘இன்னொருத்தர் குறைவாகத் தருகிறார்’ என்று சொல்ல ஓர் எண் தேவைப்படுகிறது. நான்காவது, எதிரில் இருப்பவர் உண்மையான உற்பத்தியாளரா, கமிஷன் வாங்கும் இடைத்தரகரா என்பதைக் குரலில் அறிந்துகொள்ளும் ஆசை. இவற்றில் எது என்று செய்தியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அழைப்பின் முதல் வேலையே அதைக் கண்டுபிடிப்பதுதான். பெட்டி விற்பது அதற்குப் பிறகு.

செய்தி வந்த ஐந்து நிமிடத்துக்குள் அழைத்தால் அவர் போனைக் கையில் வைத்திருக்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் அளவும் கணக்கும் எதிரில் இல்லாமல் அழைத்துவிட்டு ‘பார்த்துச் சொல்றேன் சார்’ என்று நான்கு முறை சொல்வதைவிட, ஒரு சிறு பதில் எழுதிவிட்டு அரை மணி நேரம் கழித்து அழைப்பது நல்லது. அந்தப் பதில் மூன்று வரியைத் தாண்டக் கூடாது. எப்போது, எந்த எண்ணிலிருந்து அழைப்பு வரும் என்பதும், தயாராக உதவும் ஒரே ஒரு கேள்வியும் இருந்தால் போதும்:

‘வணக்கம் சார். இன்று 11.30-க்கு இதே எண்ணிலிருந்து அழைக்கிறேன். அது வசதிப்படாது என்றால் மாலை 4 மணிக்கு. இப்போது வாங்கும் பெட்டியின் போட்டோ ஒன்று இருந்தால் அனுப்பிவையுங்கள், பார்த்துவிட்டுப் பேச வசதியாக இருக்கும்.’

‘எப்போது அழைக்கலாம்?’ என்று கேட்பதைவிட நேரத்தை நாமே சொல்வது மேல். முன்னதற்கு அவர் யோசித்து மறுபடியும் எழுத வேண்டும். எழுதத்தான் அவருக்கு நேரமில்லை. போட்டோ வந்தால் வேலை பாதி முடிந்தது, ஏனென்றால் பல பெட்டிகளின் அடியில் ப்ளை, தாளின் தரம் போன்றவற்றைச் சொல்லும் முத்திரை அச்சாகியிருக்கும். வராவிட்டாலும் சொன்ன நேரத்துக்கு அழைத்துவிட வேண்டும். ‘விவரம் அனுப்பினால்தான் பேசுவோம்’ என்று நிபந்தனை போட்டால், எழுத மாட்டேன் என்று சொன்னவரிடம் மறுபடியும் எழுதச் சொன்னதாகிவிடும். அந்தப் பதிலோடு இருபது பக்கக் கேட்டலாக்கை இணைக்கும் வழக்கமும் உண்டு. அதைத் திறந்து பார்த்தவர் அழைப்பு தேவையில்லை என்று முடிவு செய்துவிடலாம். திறக்காதவருக்கு அது தொல்லை.

எண் தராமல் ‘போன் பண்ணுங்க’ என்று மட்டும் எழுதியிருந்தால், எந்த எண்ணில் அழைக்க வேண்டும் என்று கேட்பதுதான் முறை. வேறு யாரிடமோ அவருடைய சொந்த எண்ணை வாங்கி அழைத்தால் பேச்சு கசப்பில் தொடங்கும். எண் தந்திருந்தும் அது நிறுவனத்தின் இணையதளத்தோடோ விசிட்டிங் கார்டோடோ பொருந்தாமல், பெரிய ஆர்டர் பேச்சும் முன்பணக் கோரிக்கையும் சேர்ந்து வந்தால் நிறுவனத்தின் பொது எண்ணுக்குப் பேசி அந்தப் பெயரில் அங்கே ஆள் இருக்கிறாரா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஆர்டர் தருவதாக அழைக்கச் சொல்லி, ‘வெண்டர் பதிவுக் கட்டணம்’ என்று பணம் பறிக்கும் மோசடிகள் சிறு உற்பத்தியாளர்களைத்தான் குறிவைக்கின்றன.

நேரத்தைத் தேர்ந்தெடுக்க அந்தத் தொழிலின் நாள் எப்படி ஓடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். வேலை தொடங்கும் காலை நேரத்தில் பர்ச்சேஸ் பிரிவு முந்தைய நாள் பாக்கியைத் தீர்த்துக்கொண்டிருக்கும். முற்பகலில் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். வாரக் கூலி தரும் நிறுவனங்களில் சனிக்கிழமை மாலை யாரும் பெட்டியைப் பற்றிப் பேசமாட்டார்கள். ஷிப்மென்ட் கிளம்பும் நாளில் அழைத்தாலும் அப்படித்தான்.

அழைப்பு எடுக்கப்படுவது இப்போது தனிப் பிரச்சினை. தெரியாத எண்ணை எடுக்காதவர்கள் பெருகிவிட்டார்கள். ட்ரூகாலரில் ‘ஸ்பாம்’ என்று சிவப்பில் காட்டினால் அழைக்கச் சொன்னவரே எடுக்கமாட்டார். விற்பனைக்கு நிறையப் பேரை அழைத்த பழைய எண்ணுக்கு இந்த முத்திரை விழுந்திருக்க வாய்ப்புண்டு. வேறொருவரின் போனில் நம் எண் எப்படித் தெரிகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. செய்தி அனுப்பிய அதே எண்ணிலிருந்து அழைப்பதும், அழைப்பதற்கு ஒரு நிமிடம் முன் ‘சார், இப்போ அழைக்கிறேன்’ என்று எழுதுவதும் இதற்கு எளிய வழி.

தயாரிப்பு என்றால் பேச்சு முழுவதையும் எழுதி வைத்துப் படிப்பது அல்ல. அப்படிப் படித்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஒரே ஒரு தாள் போதும். அதன் மேலே அந்த நிறுவனம் என்ன ஏற்றுமதி செய்கிறது, எந்த நாட்டுக்கு என்ற இரண்டு வரி. இது வெறும் மரியாதைக்காக அல்ல. குழந்தை உடுப்பு அனுப்புகிறவருக்கும் கனமான குளிர்கால ஸ்வெட்ஷர்ட் அனுப்புகிறவருக்கும் பெட்டி வேறு. ஐரோப்பாவுக்குக் கடல்வழியாக வாரக்கணக்கில் போகும் பெட்டி ஈரக் காற்றில் நொய்ந்துபோகாமல் அடுக்கின் எடையைத் தாங்க வேண்டும். விமானத்தில் போகும் பெட்டிக்கு அந்தக் கவலை குறைவு, ஆனால் பெட்டியின் எடையே செலவு.

தாளின் நடுவில் இருக்க வேண்டியது விலைக் கணக்கு. இங்கேதான் பெரும்பாலான அழைப்புகள் கவிழ்கின்றன. எதிரில் இருப்பவர் முதல் நிமிடத்திலேயே ‘அறுபது நாற்பது நாற்பது, அஞ்சு ப்ளை, ரேட் எவ்வளவு?’ என்பார். அந்தக் கேள்விக்கு ஒரே விடை கிடையாது.

60 செ.மீ. நீளம், 40 அகலம், 40 உயரம் உள்ள பெட்டிக்கு எவ்வளவு அட்டை வேண்டும் என்று பார்க்கலாம். நான்கு பக்கமும் சுற்றி வர நீளமும் அகலமும் இரண்டு மடங்கு, ஒட்டும் விளிம்புக்கு 4 செ.மீ.; மொத்தம் 204. மேல் கீழ் மடிப்புகளோடு அகலமும் உயரமும் சேர்த்து 80, வெட்டுக்கழிவு 1 செ.மீ.; ஆக 81. பரப்பு ஏறத்தாழ 1.65 சதுர மீட்டர். ஐந்து ப்ளையில் மூன்று தாள் தட்டையானவை, இரண்டு தாள் அலைபோல மடிந்தவை. மடிந்த தாள் அதே நீளத்துக்கு ஏறத்தாழ 1.4 மடங்கு செலவாகும். எல்லாத் தாளும் 150 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 150 கிராம் என்றால், தட்டைத் தாள் 450 கிராம், அலைத் தாள் 420 கிராம். சதுர மீட்டருக்கு 870 கிராம். ஒரு பெட்டி சுமார் 1.44 கிலோ. அதே பெட்டியை 120 ஜி.எஸ்.எம். தாளில் செய்தால் 1.15 கிலோதான். கூலி எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 55 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் முதல் பெட்டி 79 ரூபாய், இரண்டாவது 63 ரூபாய். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே பெட்டி. இரண்டாயிரம் பெட்டி ஆர்டரில் வித்தியாசம் 31 ஆயிரத்தைத் தாண்டும்.

இதில் தாளின் வலிமையைக் காட்டும் பி.எஃப். என்ற எண்ணும் சேரும், ஒரே ஜி.எஸ்.எம்.மில் பி.எஃப். கூடினால் விலையும் கூடும். சொன்ன அளவு உள் அளவா வெளி அளவா என்பது இன்னொன்று. ஐந்து ப்ளை சுவர் 6, 7 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும் என்பதால், வெளி அளவில் செய்த பெட்டிக்குள் இரு பக்கமும் சேர்த்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் குறையும்; மடித்த உடுப்பு பிதுங்கி, பெட்டி வயிறு வைக்கும். ஆக, ஜி.எஸ்.எம்., பி.எஃப்., உள் அளவு என்ற மூன்றும் தெரியாமல் விலை சொல்பவர் ஒன்று அதிகம் சொல்லி ஆர்டரை இழப்பார், இல்லையென்றால் குறைத்துச் சொல்லி மெல்லிய தாளில் செய்து பெயரை இழப்பார். அழைப்புக்கு முன்பே பொதுவான மூன்று தரத்துக்கும் கணக்குப் போட்டுத் தாளில் எழுதி வைத்திருந்தால், கேட்ட உடன் வாயடைத்துப்போகாமல் பேசலாம்.

தாளின் அடியில் இரண்டு எல்லைகள். இதற்குக் கீழே போகமுடியாது என்ற விலை ஒன்று. இத்தனை நாளுக்குமேல் கடன் தரமுடியாது என்பது இன்னொன்று. கடன் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்திருப்பது பயன்படும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, உத்யம் பதிவுபெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் உள்ள நாளுக்குள், எப்படியும் 45 நாளுக்கு மிகாமல் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். அழைப்பில் இதைச் சட்டமாக எடுத்து வீசினால் பேச்சு அத்தோடு முடியும். ‘நாப்பத்தஞ்சு நாளுக்குள்ளன்னா எங்களுக்குச் சரி சார்’ என்று சாதாரணமாகச் சொன்னாலே மேலாளருக்குப் புரியும். அவருடைய கணக்குப் பிரிவுக்கு அந்த எண் நன்றாகத் தெரியும்.

இனி அழைப்பு. தொடக்கத்தில் நலம் விசாரிப்பும் நிறுவன வரலாறும் வேண்டாம். அவர் சொன்னதை அவருக்கே நினைவூட்டினால் போதும், ஏனென்றால் காலையில் யாருக்கு என்ன பதில் எழுதினார் என்பது அவருக்கு நினைவிருக்காது. உரையாடல் ஏறத்தாழ இப்படிப் போகும்:

‘வணக்கம் சார், பெட்டி விஷயமா மெயில் போட்டிருந்தேன், கூப்பிடச் சொல்லியிருந்தீங்க. இப்போ ரெண்டு நிமிஷம் பேசலாங்களா?’

‘ஆங், சொல்லுங்க. அறுபது நாப்பது நாப்பது, அஞ்சு ப்ளை. என்ன ரேட்டுங்க?’

‘அறுபத்தி மூணுல இருந்து எண்பது வரைக்கும் வருதுங்க சார், தாளைப் பொறுத்து. இப்போ வர்றது நூத்தி இருபதா, நூத்தம்பதா?’

‘நூத்தம்பதுன்னுதான் பில்லு போடறாரு. போன லோடுல பாதிப் பெட்டி அமுங்கிப்போச்சு. வெயிட் போட்டுப் பாத்தா கொறையுது.’

இந்த ஒரு வரிக்காகத்தான் அவர் போன் பண்ணச் சொல்லியிருக்கிறார். இதை அவர் மின்னஞ்சலில் எழுதமாட்டார். இதற்குப் பிறகு விலையைப் பற்றி அவசரப்பட்டுப் பேசுவது தப்பு. எந்த ஷிப்மென்ட், பெட்டியில் எத்தனை கிலோ போட்டார்கள், எத்தனை அடுக்கு, அமுங்கியது கோடவுனிலா கன்டெய்னரிலா என்று கேட்பதுதான் அடுத்த வேலை. பழைய பெட்டிக்காரரைக் குறைசொல்ல வேண்டியதில்லை; மேலாளரே சொல்லிவிட்டார், மேற்கொண்டு சொன்னால் அவரைத் தேர்ந்தெடுத்த மேலாளருக்கும் அது படும். ஒரு பெட்டியை எடைபோட்டு அனுப்பச் சொல்லலாம். மேலே போட்ட கணக்குப்படி 150 ஜி.எஸ்.எம். பெட்டி 1.44 கிலோ வர வேண்டும், 1.2 கிலோவுக்குள் நின்றால் பில்லில் எழுதியதும் பெட்டியில் இருப்பதும் வேறு. ஆனால் மழைக்காலத்தில் அட்டை ஈரம் இழுத்து எடை கூடும் என்பதால், எடை சரியாக இருந்தால் மட்டும் தாள் சரி என்று முடிவுகட்டிவிட முடியாது.

மேலே சொன்ன பதிலில் கவனிக்க ஒன்று உண்டு. விலை கேட்டவருக்கு விலை சொல்லப்பட்டது, வீச்சாக. அதன் பின்னாலேயே ஒரு கேள்வி வந்தது. ‘நேரில் வந்து பேசுகிறேன்’, ‘கொட்டேஷன் அனுப்புகிறேன்’ என்று விலையை மறைப்பதை பர்ச்சேஸ் மேலாளர்கள் வெறுப்பார்கள். அதேசமயம் ஒற்றை எண்ணைச் சொல்லிவிட்டு மௌனமானால் அந்த எண்தான் பழைய பெட்டிக்காரரின் மேசைக்குப் போகும். விலைக்கு மட்டும் அழைக்கச் சொன்னவரை இந்த இடத்தில் அடையாளம் காணலாம்: தாள் எது என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லமாட்டார், ‘எதுனாலும் சரி, கடைசி ரேட் சொல்லுங்க’ என்பார், எப்போது வேண்டும், எத்தனை வேண்டும் என்பதிலும் பிடி கொடுக்கமாட்டார். அவரிடம் சண்டை தேவையில்லை. குறிப்பிட்ட தரத்தோடு சேர்த்து ஒரு விலையைச் சொல்லி முடித்துக்கொள்ளலாம். பழைய பெட்டிக்காரரோடு பேச்சு முறியும் நாளில் அவருக்கு அந்த எண் தேவைப்படலாம்.

சில அழைப்புகள் எடுக்கப்படவே மாட்டா. அன்றைக்கு ஒருமுறை அழைத்து, எடுக்காவிட்டால் ஒரு செய்தி, மறுநாள் வேறு நேரத்தில் இன்னொரு முறை. அதற்குமேல் அழைத்தால் அழைக்கச் சொன்னதை அவர் மறந்து, தொல்லை தருபவர் என்று நினைவு வைத்துக்கொள்வார். இரண்டாவது செய்தியில் கேள்வியைவிடத் தகவல் பயன்படும்: ‘60×40×40, ஐந்து ப்ளை, 150 ஜி.எஸ்.எம். பெட்டி ஒன்றின் எடை 1.44 கிலோ இருக்க வேண்டும் சார். உங்களிடம் இருப்பதை எடைபோட்டுப் பாருங்கள்’ என்ற ஒரு வரி, ‘சார் பிஸியா இருக்கீங்க போல’ என்பதைவிட அவரைப் போனை எடுக்க வைக்கும்.

எடுத்துவிட்டு, ‘எல்லாம் மெயில்ல போட்டு விடுங்க’ என்று முடிப்பவரும் உண்டு. அழைக்கச் சொன்னவர் மறுபடியும் மெயிலுக்கே அனுப்புகிறார் என்றால், அருகில் யாரோ இருக்கிறார்கள் அல்லது ஆர்வம் போய்விட்டது. ‘எந்தத் தாளுக்குப் போடட்டும் சார், நூத்தி இருபதுக்கா நூத்தம்பதுக்கா?’ என்று ஒரே கேள்வி கேட்டுவிட்டால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும். ஆர்வமுள்ளவர் அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிடுவார்.

பேசி முடித்ததும், அன்றைக்கே, முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள் பேசியதை எழுதி அனுப்ப வேண்டும். வாய்மொழி விலையில் மூன்று சண்டைகள் திரும்பத் திரும்ப வரும்: ஜி.எஸ்.டி. சேர்த்தா சேர்க்காமலா, வண்டி வாடகை யாருடையது, அச்சு வேலைக்கான பிளேட் செலவு யாருடையது. மூன்றையும் பேச்சில் கேட்க மறந்திருந்தாலும் எழுத்தில் சொல்லிவிடலாம்:

‘சார், பேசியபடி: உள் அளவு 60×40×40 செ.மீ., ஐந்து ப்ளை, 150 ஜி.எஸ்.எம்., பெட்டி எடை 1.4 கிலோவுக்குக் குறையாது. விலை 79 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி, உங்கள் கோடவுன் வரை டெலிவரி எங்களுடையது. ஒருபக்க ஒரு நிற அச்சு, பிளேட் செலவு முதல் ஆர்டரில் எங்களுடையது. பணம் 45 நாளில். வியாழக்கிழமை ஐந்து பெட்டி மாதிரி அனுப்புகிறேன். நிரப்பி அடுக்கிப் பாருங்கள். ஏதாவது மாறியிருந்தால் சொல்லுங்கள்.’

இதற்கு ‘ஓகே’ என்று ஒரு சொல் வந்தாலே போதும். பர்ச்சேஸ் ஆர்டர் வரும்போது அதில் 120 ஜி.எஸ்.எம். என்றோ, ‘வரி உட்பட’ என்றோ அச்சாகியிருந்தால், இந்தச் செய்தியைக் காட்டித் திருத்தி வாங்கலாம். தாள் வாங்குவதற்கு முன்பே அதைச் செய்துவிட வேண்டும். ரீல் வந்து இறங்கிய பிறகு திருத்தினால் அந்தச் செலவு பெட்டிக்காரர் தலையில்தான்.